38 நிமிடப் பேச்சும் இரண்டு பக்கத் தமிழும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலை எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2023 டிசம்பர் 26 இரவு உங்களில் பலருக்கு மறந்திருக்காது. எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குச் சில மாதங்கள் கழித்து, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் மகளிர் குழு ஒன்றை நடத்துகிறாள். "டீச்சர், எங்க ஏரியாவுல சேஃப்டி பத்தி ஒரு சார் வந்து பேசினார். வாட்ஸ்ஆப்ல அனுப்பியிருக்கேன். சுத்தமான தமிழ்ல எழுதிக் குடுங்க. வீட்டுக்கு வீடு குடுக்கணும்" என்றாள்.

பேசியவர் ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயம் தெரிந்த மனிதர். ஆனால் பேச்சு பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மேலே தகரக் கூரை, பக்கத்தில் மின்விசிறி, நடுநடுவே குழந்தைகள் அழுகை. பதிவு 38 நிமிடம். திருவொற்றியூரில் எத்தனையோ வருஷம் சொல்வதெழுதுதல் போட்டவள் நான், இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

முதலில் சுலப வழியைப் பார்த்தேன். பேசுவதைத் தானாக எழுத்தாக்கும் வசதியைத் தங்கை மகன் போனில் காட்டினான். தமிழ் என்று வைத்து ஓடவிட்டால் ஆங்கிலச் சொற்கள் உருமாறின. 'விண்ட் சாக்' என்று அவர் சொன்ன இடத்தில் 'வீண் சாக்கு' என்று வந்தது. ஆங்கிலம் என்று வைத்தால் தமிழ் வாக்கியங்கள் முழுசாகக் காணாமல் போயின. நாம் பேசும்போது இரண்டு மொழியும் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுவதில்லை, ஒரே சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. 'பைப்லைன்லேருந்து', 'லீக்கேஜுக்கு', 'எவாக்குவேட் பண்ணுங்க' என்பதில் தலை ஆங்கிலம், வால் தமிழ். அன்று அந்த வசதிக்கு அது பிடிபடவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு முறை முழுசாகக் கேட்டேன், எதுவும் எழுதவில்லை. இரண்டாம் முறை இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன், மொழிபெயர்க்கவில்லை. பக்க ஓரத்தில் நிமிடக் கணக்கு. கேட்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு விட்டேன். இதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகுதான் இன்னொரு நோட்டில் நல்ல தமிழில் எழுதத் தொடங்கினேன். முதல் நோட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் அவர் சொன்னது இது: "ஸ்மெல் வந்துச்சுன்னா விண்ட் பாருங்க. அப்புறம் கிராஸா போய்டணும், ஓகேவா?" நான் எழுதியது: 'நெடி வந்தால் காற்றைக் கவனித்து, சாலையைக் கடந்து அப்பால் சென்றுவிட வேண்டும்.' கிராஸ் என்றால் நமக்கு ரோடு கிராஸ் பண்ணுவதுதானே! எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இரவு படுத்த பிறகு உறுத்தியது. ரோட்டைக் கடந்தால் வாயு வராதா என்ன? நம் எண்ணூர்ப் பக்கம் கடற்கரையும் விரைவுச் சாலையும் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகின்றன. கடலிலிருந்து காற்று அடிக்கும்போது கரையில் இருப்பவர் சாலையைக் கடந்து மேற்கே ஓடினால், வாயுவும் அதே திசையில் அவர் பின்னாலேயே வரும். எழுந்து விளக்கைப் போட்டு முதல் நோட்டைப் பார்த்தேன். அதில் 'கிராஸா' என்று மட்டும்தான் இருந்தது. சாலை என்ற சொல்லே இல்லை, நானாகச் சேர்த்தது. காலையில் அவருக்கே போன் செய்தேன். "கிராஸ் விண்ட்மா. காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்கால போகணும். வாயு ஒரு பட்டையா வரும். நீளவாக்குல ஓடுனா பட்டைக்குள்ளயே ஓடுவீங்க, பக்கவாட்டுல போனா வெளியே வந்துடுவீங்க" என்றார்.

'குறுக்குக்காற்று' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் தமிழ் சுத்தமாக இருந்திருக்கும், ஒருவருக்கும் புரிந்திருக்காது. கடைசியில் இப்படி எழுதினேன்: 'படகில் கட்டிய கொடியையோ, கொடியில் காயும் துணியையோ பார்த்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்று முகத்திலும் படாமல், முதுகிலும் படாமல், ஒரு பக்கக் காதில் படும்படி நடந்து வெளியேறுங்கள். கடல்காற்று அடித்தால் கரையோரமாக வடக்கிலோ தெற்கிலோ செல்லுங்கள்.' விண்ட் சாக் என்பது ஆலைக்குள் கம்பத்தில் பறக்கும் துணிக்குழாய். நம் தெருவில் அது கிடையாது. அதனால்தான் படகுக் கொடி. அவரிடம் கேட்டுத்தான் மாற்றினேன்.

இரண்டாவது சிக்கல் ஓர் எண். கண்ணில் பட்டால் தண்ணீரில் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்ற இடத்தில் மின்விசிறி இரைச்சல். 'ஃபிஃப்டீன் மினிட்ஸ்' என்றும் கேட்கிறது, 'ஃபிஃப்டி' என்றும் கேட்கிறது. ஐந்து முறை கேட்டும் தெளியவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், நாம் எதை நினைக்கிறோமோ அதுதான் காதில் விழும். பேசுகிறவர்கள் முக்கியமானதை இரண்டு தடவை சொல்வார்கள், அதுவும் ஒரு தடவை ஆங்கிலத்தில் சொன்னால் இன்னொரு தடவை தமிழில் சொல்வார்கள். அதனால் வேறு இடம் தேடினேன். 31ஆம் நிமிடத்தில் ஓர் அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலாக, "கால் மணி நேரமாவது கழுவணும்மா, கண்ணைக் கசக்கக் கூடாது" என்கிறார். தீர்ந்தது. கலப்புப் பேச்சில் அப்படி ஒரு வசதியும் உண்டு.

மூன்றாவதில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அங்கே தடுமாற வைத்தது ஆங்கிலம் இல்லை, நம் தமிழ்தான். "வீட்டுக்குள்ள இருந்தீங்கன்னா விண்டோஸ் ஓப்பன் பண்ண வேணாம்" என்றார். பேச்சில் 'வேணாம்' என்றால் 'தேவையில்லை' என்றும் ஆகும், 'கூடாது' என்றும் ஆகும். குரலையும் கையசைவையும் பார்த்து எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். தாளில் குரல் கிடையாது. 'ஜன்னலைத் திறக்கத் தேவையில்லை' என்று நான் எழுதினால், புழுக்கமாக இருக்கிறதே என்று ஒரு பாட்டி திறந்துவிடுவாள். கேட்டேன். "கூடாதும்மா, திறக்கவே கூடாது. சாத்திட்டு, இடுக்குல ஈரத்துணி வைக்கணும்" என்றார். பிறகு நோட்டு முழுவதும் 'வேணாம்', 'பண்ணலாம்', 'பாத்துக்கலாம்' என்று வரும் இடங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன், பதினேழு இடம் இருந்தது. ஒவ்வொன்றையும் 'வேண்டும்', 'கூடாது', 'விரும்பினால்' என்ற மூன்றில் ஒன்றாக அவரைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன்.

இன்னொன்று, பாதி வாக்கியம். "அமோனியா லைட்டர் தேன் ஏர், மேல போய்டும்" என்று தெளிவாகக் கேட்கிறது. சுருக்கி எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்தியிருப்பேன். அதன் பிறகு ஒரு குழந்தை அழுகிறது, ஒரு நிமிடம் பேச்சு தடைபடுகிறது. பிறகு, "ஆனா லிக்விடா லீக் ஆச்சுன்னா அப்படி இல்ல" என்று தொடர்கிறார். குளிரவைத்துத் திரவமாகக் கொண்டுபோகும் அமோனியா கசிந்தால், குளிர்ந்த புகைபோலத் தரையோடு தவழ்ந்து வரும், சூடேறிய பிறகுதான் மேலே எழும். முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தால், கீழே உட்கார்ந்துகொண்டால் போதும் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

ஆங்கிலச் சொற்களைப் பற்றி நான் பட்ட கவலைதான் வீண். அமோனியா, வால்வு, பைப் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், நம் ஜனங்களுக்குத் தெரிந்த சொற்கள். 'அசெம்பிளி பாயிண்ட்' கூடும் இடம் ஆயிற்று. 'சைரன்' என்பதை 'அபாய ஒலி' என்று எழுதியிருந்தேன். மாணவி படித்துவிட்டு, "சங்குன்னு போடுங்க டீச்சர்" என்றாள். மில் சங்கு, கம்பெனி சங்கு என்று அதைக் கேட்டுத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்! எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

கடைசியில் வரிசையை மாற்றினேன். அவர் நினைவுக்கு வந்தபடி பேசினார். தாளில் 'வீட்டுக்குள் இருந்தால்', 'வெளியே இருந்தால்', 'கண்ணிலோ தோலிலோ பட்டால்' என்று மூன்று தலைப்பு. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டேன், யாராவது கேட்டால் பதிவில் எடுத்துக் காட்டலாம். முடித்ததைப் பேசியவருக்குப் போனில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். பிறகு அந்தக் கூட்டத்துக்கே வராத என் அண்ணியிடம் கொடுத்து, "இப்போ நெடி வருது, என்ன செய்வீங்க அண்ணி?" என்று கேட்டேன். அவர் இரண்டு இடத்தில் தயங்கினார். அந்த இரண்டு வரிகளையும் மறுபடி எழுதினேன்.

இரண்டு பக்கம். மாணவி நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறாள். போன வாரம் அங்கே போயிருந்தேன். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண்ணிடம் வாசிக்கச் சொன்னேன். 'ஒரு பக்கக் காதில் படும்படி' என்று வாசித்தவள் நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்போ கடல்காத்து அடிக்குது டீச்சர். இந்தப் பக்கமா போகணும்" என்று கரையோரமாகத் தெற்கே கை காட்டினாள்.

சரியாகத்தான் காட்டினாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்