குளிசையா, ஊசியா? குகைக்குள் போக அஞ்சுவோர் பற்றி

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் இயந்திரத்தை முதன்முதலில் பார்ப்பவர்களில் பலர் அதனைக் குகை என்றே சொல்வார்கள். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அதற்கு வேறொரு சொல் இருக்கிறது. பரந்தனில் வாழும் என் அக்கா அதன் வாயைப் பார்த்த மாத்திரத்தில் அங்கே நின்ற இளைஞரிடம் கேட்டது இதுதான்: "தம்பி, என்னைத் திரும்பவும் பங்கருக்குள்ளையோ விடப் போறியள்?"

2009 ஜனவரி முதலாம் நாள் பரந்தன் இராணுவத்தின் வசமானது. அதற்கு முன்னரே ஊர் கிழக்கு நோக்கி, முல்லைத்தீவு வீதியால் நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டு மே வரை அக்கா எத்தனை பதுங்கு குழிகளுக்குள் இருந்தார் என்பதற்கு அவரிடமே கணக்கில்லை. பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட குழிகள். எழுந்தால் தலை இடிக்கும். வெளியே இடைவிடாத அதிர்வு. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் துளை பழையவற்றில் 60 சென்ரிமீற்றர் அகலம், புதியவற்றில் 70. படம் எடுக்கும்போது அது சும்மா இருப்பதில்லை. டக் டக் என்று இடித்தும், இரைந்தும், உடம்பு அதிரக் கத்தும். அதன் உள்ளே அசையாமல் இருபத்தைந்து நிமிடம் படுக்க வேண்டும். கழுத்து எலும்பைப் படமெடுப்பதென்றால் முகத்துக்கு மேலே கூடு போன்ற ஒரு பொறியையும் பொருத்துவார்கள். அக்காவுக்குத் தேவைப்பட்டது கழுத்துப் படம்தான். வலது கை விரல்கள் மரத்துப்போய், தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாத நிலை வந்திருந்தது.

பதுங்கு குழி அனுபவம் இல்லாதவர்களுக்கும் இந்த அச்சம் வரும். பெர்லின் நகரில் 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் இவ்வாறு அஞ்சினர் என்கிறது. நடுவயதினரும் பெண்களும் அதில் அதிகம். எனவே இதனை மனத்திடம் இல்லாதவர்களின் கோளாறு என்று ஒதுக்குவது சரியல்ல.

அக்காவின் முதல் முயற்சி மூன்று நிமிடத்தில் முடிந்தது. அங்கே நடந்தது அறிந்துகொள்ளத்தக்கது. அவர் பயப்படுகிறார் என்று கண்டதும் ஒரு மில்லிகிராம் லொராசெபாம் குளிசை ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுத்து ஒரு கால் மணித்தியாலத்துக்குள் உள்ளே படுக்க வைத்தார்கள். கையில் தந்திருந்த ரப்பர்க் குமிழை அக்கா விடாமல் அமுக்கி, வெளியே எடுக்கச் செய்து, அழுதுகொண்டு வந்தார். பிறகு வானில் ஏறி ஊர் திரும்பும் வழியில், ஆனையிறவு வருவதற்குள் நல்ல நித்திரை. பரந்தன் சந்தியில் அவரை எழுப்பி இறக்குவதே பெரும்பாடாயிற்று. வீட்டார் எல்லோரும் சொன்னது, "குளிசை அவவுக்கு வேலை செய்யேல்லை" என்று. ஆனால் குளிசை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. வேலை செய்த இடம்தான் வேறு.

வாயால் விழுங்கும் லொராசெபாம் இரைப்பையிலும் குடலிலும் கரைந்து இரத்தத்தில் சேர வேண்டும். அரை மணித்தியாலத்துக்குப் பின்னரே அதன் ஆறுதல் தெரியத் தொடங்கும். உச்சத்துக்கு வர இரண்டு மணித்தியாலம் வரை ஆகலாம். ஆகவே ஸ்கானுக்கு ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றரை மணித்தியாலம் முன்னதாக விழுங்கினால்தான் பயன். டயசெபாமும் இவ்வினத்ததே, அதன் மிச்சம் உடலில் நாட்கணக்கில் தங்குவதால் வயதானவர்களுக்கு மறுநாளும் தள்ளாட்டம் இருக்கும். இப்படியான குளிசை ஒன்று பலிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன், எத்தனை மணிக்கு விழுங்கினார், எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்ற இரண்டு நேரங்களையும் எழுதிப் பார்க்க வேண்டும். செய்தியாளனாக இருந்த பழக்கம், எதற்கும் நேரத்தைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த யோசனையாக வந்தது, "மயக்கி எடுத்துவிடலாம்" என்பது. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் அதனையே வற்புறுத்தினார். ஒன்றும் தெரியாமல் நித்திரையாகிவிடலாமே என்பது அவர் வாதம். கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கிறது.

குளிசைக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, அரைக் கோப்பைக்கும் முழுக் கோப்பைக்கும் உள்ள வேறுபாடன்று. குளிசை விழுங்கியவர் கூப்பிட்டால் பதில் சொல்வார். தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்வார். நரம்பில் ஏற்றும் மிடாசொலாம் நடுவில் நிற்பது. சில நிமிடங்களில் பிடிக்கும், பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம், மிஞ்சிவிட்டால் புளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஆழ்ந்த மயக்கத்துக்குப் பெரும்பாலும் புரொபோபோல் என்ற பால் நிற மருந்தை ஏற்றுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். அதனுடன் தொண்டைத் தசைகள் தளரும், நாக்குப் பின்னே விழும், மூச்சும் நின்றுபோகலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து தானாக இறங்கும்வரை இன்னொருவர் மூச்சுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த இன்னொருவர்தான் மயக்க மருந்து வைத்திய நிபுணர்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவர் நோயாளரின் தலைமாட்டில் நிற்பார். இங்கே நோயாளரோ துளையின் நடுவில் இருக்கிறார். நெஞ்சு ஏறி இறங்குவது சரியாகத் தெரியாது. இயந்திரத்தின் சத்தத்தில் மூச்சுச் சத்தமும் கேளாது. ஆகவே விரலில் ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவியோடு, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியும் வேண்டும். ஒட்சிசன் அளவு குறைவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்; மூச்சு அடைபட்டதை அந்த இரண்டாவது கருவியே முதலில் சொல்லும். இவையெல்லாம் காந்தத்துக்கு அருகில் வைக்கத் தக்கவையாக இருக்க வேண்டும். அந்தக் காந்தம் ஸ்கான் எடுக்காத வேளையிலும் இயங்கிக்கொண்டே இருப்பது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளர் ஒருவருக்காக ஒட்சிசன் சிலிண்டரோடு அறைக்குள் போன உறவினரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்தது. 32 வயதான அவர் உயிரிழந்தார். அவசரத்தில் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடிவர முடியாத அறை அது. நோயாளரைத்தான் வெளியே இழுத்துவர வேண்டும்.

அக்காவின் விடயத்தில் வைத்தியர் கேட்ட கேள்விகளைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். குறட்டை விடுவாரா? விடுவார், அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நித்திரையில் இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவாரா? ஆம். பாரம் கூட, இரத்த அழுத்தம் இருக்கிறது, கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்கவும் முடியாது. ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடக்கூடியவர்கள் இப்படிப்பட்டவர்களே. வைத்தியர் இன்னொன்றும் சொன்னார், நான் எதிர்பாராதது. மயக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டால் தலையும் கழுத்தும் அசையும். அசைந்தால் கழுத்துப் படம் மங்கும். அசையாதிருக்க மயக்கப் போய், மயக்கமே அசைவைத் தருவது! அதற்கும் மேலே போய் முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்து எடுக்கலாம். அந்த ஆபத்தை ஏற்க, படம் அவ்வளவு அவசரமானதா என்பதே கேள்வி.

கடைசிக் காரணம் எங்கள் மண்ணுக்கு உரியது. அக்காவின் முதுகில், வலத் தோளுக்குக் கீழே, 2009 இல் பாய்ந்த ஒரு சிறு எறிகணைத் துண்டு இன்னும் இருக்கிறது. வன்னியில் இப்படித் துண்டைச் சுமந்து திரிபவர்கள் பலர். சிலருக்கு அது இருப்பதே மறந்துவிட்டது. கண்ணில் இரும்புத்தூள் இருந்த ஒருவர் எம்.ஆர்.ஐ.க்குப் பின் அந்தக் கண் பார்வையை இழந்த செய்தி 1986 இலேயே மருத்துவ ஏட்டில் வந்திருக்கிறது. ஆகவே முதலில் எக்ஸ்றே எடுத்துத் துண்டுகள் எங்கே என்று பார்க்க வேண்டும். கண், மூளை, முள்ளந்தண்டு நரம்பு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே இருந்தால் கதை வேறு. அக்காவின் துண்டு தசைக்குள், ஆண்டுக்கணக்காக வடுத் திசுவால் இறுகப் பிடிபட்டிருந்தது. கதிரியக்க வைத்திய நிபுணர் எக்ஸ்றேயைப் பார்த்து, எடுக்கலாம் என்று அனுமதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: அவ்விடத்தில் இழுப்போ சூடோ தெரிந்தால் உடனே குமிழை அமுக்க வேண்டும். ஆழ்ந்து மயங்கியவர் எப்படி அமுக்குவார்? துண்டைச் சுமப்பவரின் விழிப்பே இங்கே ஒரு பாதுகாப்பு. குளிசை அதனை விட்டுவைக்கிறது, புரொபோபோல் எடுத்துவிடுகிறது.

ஆகவே இரண்டாம் முறையும் அதே ஒரு மில்லிகிராம் குளிசைதான். வலிக்காக அவர் எடுத்துவந்த டிரமடோலை அன்றைக்குத் தவிர்க்கச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். யாழ்ப்பாணத்துக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். எட்டு ஐம்பதுக்குக் குளிசை. பத்து இருபதுக்கு ஸ்கான். இடைப்பட்ட நேரத்தில் அக்கா ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதே முக்கால் அளவில் சொற்கள் சற்று நீண்டு வரத் தொடங்கின. கண் சொருகினாலும் பெயர் சொன்னதும் "ஓம்" என்றார். அந்த நிலைதான் வேண்டியது. கூப்பிட்டும் பதில் வராமல் போனால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்போது உள்ளே அனுப்பக் கூடாது. அரிதாகச் சிலர் இக்குளிசையால் அமைதியாவதற்குப் பதிலாகக் குழம்பிக் கத்துவதும் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது குளிசை கொடுப்பது நெருப்புக்கு நெய்.

படுப்பதற்கு முன்பே கண்ணைத் துணியால் மூடினார்கள். உள்ளே போனபின் மூடினால் அந்த வாயைக் கண்டுவிடுவாரல்லவா? காதுக்குப் பஞ்சுக் குமிழும் அதன் மேல் செவிமூடியும். ஒவ்வொரு தொடருக்கும் முன்னர் அந்த இளைஞர், "அம்மா, இது நாலு நிமிசம், இடிக்கிற சத்தம் வரும்" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். சத்தம் வரும் நேரமும் முடியும் நேரமும் தெரிந்திருந்தது அக்காவுக்குப் பெரிய ஆறுதல். ஷெல் அடிக்கும்போது அப்படி யாரும் சொல்லிவிட்டு அடிப்பதில்லை என்று பிறகு சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது தொடரில் ஒருமுறை குமிழ் அமுங்கியது. இளைஞர் உடனே நிறுத்திக் கேட்டார். தோளில் ஒன்றுமில்லை, மூக்குக் கடிக்கிறது என்றார் அக்கா. படம் முழுவதுமாக எடுக்கப்பட்டது. கழுத்தின் ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையே தட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவது அதில் தெரிந்தது.

எல்லோருக்கும் குளிசை போதும் என்று நான் எழுத வரவில்லை. குளிசையை உரிய நேரத்தில் விழுங்கியும், அகலத் துளை இயந்திரத்தில் முயன்றும், உள்ளே போனவுடன் மூச்சு முட்டித் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆழ்ந்த மயக்கம்தான் வழி; அதற்காக ஆறு மணித்தியாலம் சாப்பிடாமலும், கடைசி இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் குடியாமலும் இருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் அந்த வேலைக்கென்றே அங்கே நிற்கிறாரா, மூச்சை அளக்கும் கருவி உண்டா, பிறகு தெளியும்வரை கிடத்திப் பார்க்க இடமுண்டா என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. எறிகணைத் துண்டு உள்ளவர்கள் கேட்காமலே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா அன்றும் வானில் நித்திரைதான். மறுநாள் காலை வரை அவரைத் தனியே கிணற்றடிக்கு விடவில்லை.