ஒரு சொல்லில் முடித்த பதில்கள்

என் வாழ்நாளில் பாதிக்கு மேல் சொற்களை வெட்டுவதிலேயே கழிந்திருக்கிறது. நூறு சொல்லில் வந்த செய்தியை அறுபதாக்குவது செய்தி மேசையில் எங்களுக்குத் தொழில். அந்தப் பழக்கம் என் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தபோது அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. கதிரவெளியிலிருந்து எழுதிவந்த இளைஞர் ஒருவர் எழுதுவதை நிறுத்திய பிறகுதான் நினைக்கத் தொடங்கினேன்.

கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு எல்லையை ஒட்டிய கரையோரக் கிராமம். திருகோணமலை வீதியில் வாகரையைக் கடந்துதான் அங்கே போகவேண்டும். அந்த இளைஞர் எங்களுக்குச் சம்பளமில்லாத பிரதேசச் செய்தியாளர். வெளியாகும் செய்திக்கு மட்டும் ஒரு சிறு தொகை கிடைக்கும். ஒருநாள் மாலை அவரிடமிருந்து வாட்ஸப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது: "அண்ணே, கிணத்துத் தண்ணி உப்பான செய்தி அனுப்பியிருக்கன். நாலு வீட்டுக்குப் போய்க் கதைச்சனான். படமும் இருக்கு. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நான் அனுப்பிய பதில்: "கிடைத்தது."

மறுநாள் கேட்டார்: "நாளைக்கு வருமா அண்ணே?" "பார்ப்போம்." என்றேன். இரண்டு நாள் கழித்து, இன்னும் இரண்டு பேரிடம் பேசி விபரம் சேர்த்திருப்பதாக எழுதினார். "சரி." என்றேன். அதன்பிறகு மூன்று மாதம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தச் செய்தியை நான் பக்கத்தில் போட்டிருந்தேன் என்பதும் உண்மை. அதை அவருக்குச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவருடைய வீட்டுக்குப் போனேன். "இரிங்க மனே" என்று கதிரை போட்ட தாயார், மகன் வரும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு 2004 ஆழிப்பேரலைக்கும், அதன்பின் 2006இல் ஊர் இடம்பெயர்ந்த நாட்களுக்கும் போனது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களை எடுத்து வந்தார். வீட்டுக்கும் காணிக்கும் அவர் எழுதிய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்கள் அவை. பெரும்பாலானவற்றில் ஒரே வரிதான்: "தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." எடுத்தவர் யார் என்று எங்குமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்றுமில்லை. எதுவும் நடக்கவுமில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு "கிடைத்தது." என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கிற்று. மகன் வந்ததும் நேரடியாகக் கேட்டேன். "நீங்க கோவமா இருக்கீங்க, எழுத்துப் பிடிக்கல்ல எண்டு நினைச்சன் அண்ணே. மேல மேல கேட்டுக் கரைச்சல் தரக்கூடா எண்டு விட்டுட்டன்" என்றார். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இருக்கவில்லை. பக்கம் முடிகிற நேரத்தின் அவசரம் மட்டுமே இருந்தது. அந்த அவசரத்தை அவர் எப்படிக் காண்பார்?

எனக்கு முந்திய தலைமுறைச் செய்தியாளர்கள் தந்தியில் செய்தி அனுப்பினார்கள். "உடன் வரவும்" என்ற தந்தியைக் கண்டு யாரும் மனம் நோகவில்லை. சொல்லுக்குக் காசு என்பது அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் தெரிந்திருந்தது. சுருக்கத்துக்கான காரணம் தந்திக்கு உள்ளேயே இருந்தது. இன்று சொல்லுக்குத் தனிக் காசில்லை. ஆகவே பதில் குட்டையாக இருந்தால் அது எழுதியவரின் விருப்பம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். விருப்பத்துக்குக் காரணம் தேடும்போது தன்னையே காரணமாக்கிக் கொள்கிறார்.

நேரில் பேசும்போது இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் "ஓம்" ஒரு சொல்தான். இழுத்துச் சொன்னால் ஒரு பொருள், வெட்டிச் சொன்னால் இன்னொன்று, "ஓம் ஓம்" என்று இரட்டித்தால் வேறொன்று. மட்டக்களப்பில் "ஓம்கா" என்றோ "ஓம் மனே" என்றோ ஓர் ஒட்டு விழுந்தால் அதில் உறவே வந்துவிடுகிறது. எழுத்துக்குப் போகும்போது குரலும் போய்விடுகிறது, நாங்கள் நல்ல தமிழ் என்று எண்ணி அந்த ஒட்டையும் வெட்டிவிடுகிறோம்.

என் பதில்களின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியையும் கவனியுங்கள். அமெரிக்காவின் பிங்காம்ரன் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 126 மாணவர்களிடம் சிறு உரையாடல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கைபேசிச் செய்தியில் ஒரு சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனதாரச் சொன்னதல்ல என்று மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வேறுபாடு இருக்கவில்லை. அது ஆங்கிலத்தில் செய்த ஆய்வு. ஆனாலும் புள்ளி வைக்காமல் எழுதிப் பழகிய இளையவர்களுக்கு, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தால் நான் வைத்த புள்ளி, கதவைச் சாத்தியது போலத் தோன்றியிருக்கக் கூடும்.

அன்றிரவு அந்த முதற் செய்தியை மறுபடி படித்தேன். அவர் நான்கு காரியங்களைச் சொல்லியிருந்தார்: "அண்ணே" என்று அழைத்தார், செய்தி அனுப்பியதாகச் சொன்னார், நாலு வீடு ஏறி உழைத்ததைச் சொன்னார், என் கருத்தைக் கேட்டார். என் பதில் இரண்டாவதற்கு மட்டுமே. மற்ற மூன்றும் பதிலின்றி நின்றன. "பார்ப்போம்" அதைவிட மோசம். "இல்லை" என்று சொல்லக் கூசுகிற இடத்தில் நாங்கள் வழமையாகச் சொல்வது அதைத்தான். நான் அதை நேர்ப்பொருளில் எழுதினேன், அவர் ஊர்ப்பொருளில் படித்தார்.

இப்படி எழுதியிருக்கலாம்: "தம்பி, கிணற்றுச் செய்தி கிடைத்தது. நாலு வீட்டுக்காரரிடமும் பேசியது நல்லது. இப்போது பக்கம் முடிக்கிற அவசரம், இரவு படித்துவிட்டு நாளை காலை சொல்கிறேன்." தட்டச்சு செய்ய அரை நிமிடமும் ஆகாது. அழைப்புக்கு அழைப்பு, எதற்குப் பதில் என்பதன் பெயர், உழைப்பைக் கண்டதற்கு ஓர் அடையாளம், அடுத்தது எப்போது என்ற நேரம். நான்கில் ஒன்றுக்கு மட்டுமே இடமிருந்தால் கடைசியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனிதரை வருத்துவது காத்திருப்பு எப்போது முடியும் என்று தெரியாமைதான். நேரமே தெரியாவிட்டால் ஏன் தெரியாது என்பதைச் சொல்லலாம். சொன்ன நேரத்தைத் தவறவிட்டால் மட்டும், முதற் குட்டைப் பதிலைவிடக் கேடு அது.

எல்லாக் குட்டைப் பதிலையும் நீட்டவும் தேவையில்லை. "பஸ் ஏறிவிட்டேன்" என்பதற்கு "சரி" போதும், அங்கே பதிலை எதிர்பார்க்கும் கேள்வி ஒன்றுமில்லை. பெறுகிற பக்கத்தில் இருப்பவருக்கும் ஓர் உரைகல் உண்டு. எப்போதும் ஒரு சொல்லில் பதில் எழுதுகிறவர் இன்றும் அப்படி எழுதினால் அது அவர் சுபாவம். வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர் திடீரென ஒரு சொல்லுக்கு வந்தால் ஏதோ இருக்கிறது. அப்போதும் ஊகிப்பதைவிட ஓர் அழைப்பு எடுத்துக் கேட்பது நல்லது.

உண்மையிலேயே கோபம் இருந்தால், அதைச் "சரி"க்குள் ஒளித்து அனுப்பாமல் இன்னதற்குக் கோபம் என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அந்த மூன்று மாதத்தில் கதிரவெளியிலிருந்து எங்கள் பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை. அவருடைய குறிப்புப் புத்தகத்தில் அந்நாட்களின் ஐந்து செய்திகள் அனுப்பப்படாமல் கிடந்தன. நான் பார்த்தபோது அவற்றில் நான்கு பழசாகிவிட்டிருந்தன. ஐந்தாவதை அவர் திண்ணையிலிருந்தே எனக்கு அனுப்பினார். பக்கத்தில்தான் இருந்தேன், ஆனாலும் கைபேசியை எடுத்துப் பதில் எழுதினேன்: "தம்பி, கிடைத்தது. நாளைக்குப் போடுகிறேன்."