பாஸ்போர்ட்டு உன் கையிலதான் இருக்கணும்

இந்தக் கடிதத்தைச் சொன்னது வியாசர்பாடியில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா. எழுதிக்கொடுத்தது நாங்கள். அவருக்குப் படிக்க வரும், எழுதத்தான் கை நடுங்கும். மகன் ஸ்பெயினில் வலென்சியா பக்கம் இருக்கும் ஒரு கால்பந்து அகாடமிக்குப் போகிறான். "போன்ல சொன்னா 'சரிம்மா சரிம்மா'ன்னு வச்சிடுவான். பேப்பர்ல இருந்தா என்னைக்காவது ஒரு நாள் எடுத்துப் படிப்பான்" என்றார். மாலை வகுப்பு முடிந்த பிறகு நான்கு நாள் உட்கார்ந்து எழுதினோம். பெயரும் தெருவும் இல்லாமல் சில பகுதிகளை வெளியிட அவர் சம்மதித்திருக்கிறார். அவர் சொன்ன ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வருட அலைச்சல் இருப்பதால், அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கடிதம் இப்படித் தொடங்குகிறது: "கண்ணு, போன வருசம் உன்னை அனுப்பலன்னு என்கிட்ட மூணு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. ஏன் அனுப்பலன்னு இப்ப சொல்றேன்."

போன வருடம் அவனுக்குப் பதினேழு வயது. அகாடமியிலிருந்து ஆள் வந்து மைதானத்தில் இரண்டு நாள் தேர்வு நடத்தினார்கள். பத்து மாதப் பயிற்சி, பாதிக் கட்டணம் 'உதவித்தொகை', ஸ்பெயின் கிளப்பில் ஆடும் வாய்ப்பு என்றார்கள். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த அம்மா தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆங்கிலத் தாள். அதில் சாப்பாடு முதல் சலவை வரை எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. பையன் எந்தக் கிளப்பின் பெயரில் பதிவு செய்யப்படுவான் என்பது.

கால்பந்தில் பயிற்சி எடுப்பது வேறு, பதிவு வேறு. ஒரு நாட்டின் சம்மேளனத்தில் ஒரு கிளப்பின் பெயரில் பதிவானால்தான் அந்த நாட்டு லீக்கில் ஆடமுடியும். ஃபிஃபாவின் ஆட்டக்காரர் மாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பதினெட்டு வயது முடியாத பிள்ளையை வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். விலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றம் என்றால் பதினாறு வயதிலிருந்து முடியும். எல்லையோர ஊர்க்காரர்களுக்கும் அகதிப் பிள்ளைகளுக்கும் தனி வழி இருக்கிறது. வியாசர்பாடியில் பெற்றோர் இருக்க, பந்தாடுவதற்கென்றே போகும் பதினேழு வயதுப் பையனுக்கு இவை எதுவும் பொருந்தாது.

இது ஏட்டில் தூங்கும் விதி இல்லை. வெளிநாட்டுச் சிறுவர்களை விதி மீறிச் சேர்த்ததற்காக 2014இல் பார்சிலோனா கிளப்புக்கே ஃபிஃபா தடை போட்டது. இரண்டு மாற்றக் காலங்களுக்கு அவர்களால் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியவில்லை. பார்சிலோனாவால் முடியாததை, ஆள் வைத்துத் தெருத் தெருவாகத் தேர்வு நடத்தும் ஒரு அகாடமி எப்படிச் செய்யும்?

நாங்கள் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினோம். பதினெட்டு வயதுக்கு முன் இவன் எந்தக் கிளப் பெயரில் பதிவாவான்? சம்மேளனம் நடத்தும் லீக்கில் ஆடுவானா? முதல் பதிலில் மைதானத்தின் படங்கள் வந்தன. இரண்டாவது பதிலில் மாணவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்றார்கள். உண்டுதான். ஆனால் அது படிப்புக்காகப் பரிமாற்றத் திட்டத்தில் போகிற மாணவருக்கானது, அதிகபட்சம் ஒரு வருடம், அதுவும் அமெச்சூர் கிளப்பில் மட்டும். அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் மூன்றாவது பதிலில் உண்மை வந்தது: நட்பு ஆட்டங்களும் தனியார் போட்டிகளும் ஆடலாம், லீக் கிடையாது.

அப்புறம் காலண்டரை விரித்தோம். பயிற்சி செப்டம்பரில் தொடங்கி ஜூன் கடைசியில் முடிகிறது. அவன் பிறந்த நாள் ஜூலையில். அதாவது முழுப் பணத்தையும் கட்டி, பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் போய், பதிவு செய்யும் வயது வருவதற்குச் சில நாள் முன்பு அவன் விமானம் ஏற வேண்டும். மாணவர் விசா பயிற்சியோடு கட்டப்பட்டது. பயிற்சி முடிந்தால் விசாவும் முடிந்தது. அந்த அம்மா காலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த வருசம் போவட்டும்" என்றார்.

உதவித்தொகை போய்விடும் என்று அகாடமிக்காரர் மிரட்டினார். போகவில்லை. கடைசித் தேதி மூன்று முறை தள்ளிப்போனது, இந்த வருடம் அதே பாதிக் கட்டணம் மறுபடியும் வந்தது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டோம். அதற்கு மட்டும் பதில் இல்லை. எல்லோருக்கும் தருகிற பாதிக்குப் பெயர் உதவித்தொகை இல்லை, விலை.

இப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான், பதினெட்டும் ஆகிவிட்டது. 19ஆம் பிரிவு இனி அவனைத் தடுக்காது. அதனால்தான் கடிதத்தில் அடுத்து வருவது எல்லாம் வேலை: "போன ஒரு மாசத்துக்குள்ள அங்க தங்குற கார்டுக்கு எழுதிக் குடுத்துடு. அவங்க செய்வாங்கன்னு உக்காந்துடாத. பாஸ்போர்ட்டு உன் கையிலதான் இருக்கணும். பத்திரமா வச்சுத் தரேன்னு எவன் கேட்டாலும் குடுக்காத. ஜெராக்ஸ் குடு. எந்தத் தாள்ல கையெழுத்துக் கேட்டாலும் போட்டோ எடுத்து அக்காங்களுக்கு அனுப்பு. ஒரு நாள் ஆவும்னு சொல்லு. ஒரு நாள் பொறுக்காதவன் நல்லவன் இல்ல."

கடைசி வாக்கியம் அவருடையது. நாங்கள் சேர்த்தது ஒன்றுதான்: முகவர் என்று யாராவது வந்தால், உரிமம் உள்ள முகவர்களின் பட்டியலை ஃபிஃபா இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் பெயரைத் தேடு என்று.

பணத்தைப் பற்றி எழுதும்போதுதான் நின்றுவிட்டோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். கால்பந்து அகாடமிக்கு அதில் இடமில்லை. ஆகவே மகளிர் குழுக் கடன், ஒரு சீட்டு, தாய்மாமன் பி.எஃப்.பில் எடுத்த பணம் என்று சேர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டோம். "வேணாம்மா" என்றார். "எழுதுனா அவன் திரும்பி வரமாட்டான்."

சமூகவியல் வகுப்பில் புலம்பெயர்வையும் கடனையும் பற்றி நிறையப் படித்தோம். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கேமரூனிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கூட்டிவரப்பட்டுத் தேர்வில் தோற்றதும் கைவிடப்பட்ட பையன்களுக்காக, முன்னாள் கேமரூன் ஆட்டக்காரர் ழான் கிளோத் எம்வூமின் பாரிஸில் ஃபுட் சாலிடேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தப் பையன்களில் பலர் ஊர் திரும்ப வழியிருந்தும் திரும்பவில்லை. வீடு விற்ற பணம், நகை விற்ற பணம், எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். விசா முடிந்த பிறகும் தங்கி, காகிதம் இல்லாத கூலியானார்கள். பையன் காணாமல் போவது தேர்வில் தோற்ற அன்று இல்லை. வீட்டுக்குப் போன் பண்ணுவதை நிறுத்துகிற அன்று.

அந்த அம்மா அந்த அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அவர் எழுதச் சொன்னது இது: "ரிட்டன் டிக்கெட்டு வாங்கியாச்சு. தேதி மாத்துற டிக்கெட்டு, துட்டு கொஞ்சம் கூட. அது உன்னோடது. எவனும் எடுக்கலன்னா வந்துடு. காலு போச்சுன்னா வந்துடு. சும்மா புடிக்கலன்னாலும் வந்துடு. வந்து என்ன பண்ணுவேன்னு அங்க உக்காந்து யோசிக்காத, இங்க வந்து யோசி. ஞாயித்துக்கிழம ராத்திரி போன் பண்ணு. ஜெயிச்ச வாரம் பண்ணலன்னாலும் பரவால்ல, தோத்த வாரம் பண்ணு."

இதை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். மாற்றம் ஒன்றும் சொல்லவில்லை.

சாதியைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அந்த அகாடமியில் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள், அறைக்கு நான்கு பேர். "ரூம்ல நம்மூருப் பசங்க எந்த ஏரியா, என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. வியாசர்பாடின்னு சொல்லு, அதுக்கு மேல கேட்டா ஏன் கேக்குறன்னு நீ கேளு." ஸ்பெயின்காரன் இதைக் கேட்கமாட்டான், கேட்பது நம்மவர்கள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கும் இல்லை.

கடைசியாக மாஸ்டரைப் பற்றி. வெளிநாட்டுக் கிளப் இவனைப் பதிவு செய்ய, இங்கே பதிவு இருந்த சம்மேளனத்திலிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும். அதோடு எந்த வயதில் எந்தக் கிளப்பில் இருந்தான் என்ற பட்டியலும் போகும். அதற்கு 'ஆட்டக்காரர் பாஸ்போர்ட்' என்று பெயர். இந்தப் பட்டியலுக்குப் பண மதிப்பு உண்டு. நாளைக்கு அவன் தொழில்முறை ஆட்டக்காரராகி, ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் ஐந்து சதவீதம் அவனைப் பன்னிரண்டிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுவரை வருடத்துக்குக் கால் சதவீதம், அதன் பிறகு அரை சதவீதம். ஒரு கோடிக்கு விலைபோனால், பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை ஆறு வருடம் வளர்த்த தெருக் கிளப்புக்கு இரண்டு லட்சம். மைதானத்துக்கு வேலியும் ஐம்பது பந்தும் வாங்கலாம்.

ஆனால் காகிதத்தில் இருக்கிற வருடங்களுக்குத்தான் பணம். இவனைப் பதிவு செய்தது பதினைந்து வயதில். ஆறு வருடத்தில் மூன்றுதான் கணக்கில் வரும், அதே ஒரு கோடிக்கு ஒன்றேகால் லட்சம். "பூட்ஸ் வாங்கிக் குடுத்தவங்களுக்கு எவ்ளோ?" என்று அந்த அம்மா கேட்டார். விதியில் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றோம். சிரித்தார். பிறகு எழுதச் சொன்னார்: "முதல்ல எந்தக் கிளப்புல கத்துக்கிட்டன்னு கேட்டா அகாடமி பேரச் சொல்லாத. மாஸ்டர் பேரச் சொல்லு, கிளப் பேரச் சொல்லு, எழுத்துல குடு."

கடிதத்தை மடித்து, மாற்றுச் சான்றிதழ் நகல், பயணக் காப்பீடு, மாட்ரிட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் எண் எழுதிய அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்தோம். மாஸ்டரிடம் பழைய பதிவுகளைக் கேட்கப் போனபோது, பையன் பன்னிரண்டு வயதில் சேர்ந்த காலத்தில் கிளப்பே சங்கத்தில் சேர்ந்திருக்கவில்லை என்று தெரிந்தது. இந்த மாதம் அவர் சின்னப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஏழு பேரிடம் சான்றிதழே இல்லை. அவர்களுக்கு மாநகராட்சியில் விண்ணப்பிக்கும் வேலையை நாங்கள் எடுத்திருக்கிறோம்.