திரிந்த பிறகு சொல்லி என்ன பயன்?

மதுரையில் ஒரு சமையல் சேனலுக்கு எழுதிக் கொடுக்கும் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி அறையில்தான் படப்பிடிப்பு. அன்றைக்கு வெண்பூசணி மோர்க்குழம்பு. சமைக்கிற அம்மா தன் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஊறவைத்த துவரம்பருப்பு, பச்சரிசியோடு தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைக்கவும். வெந்த பூசணியில் அதைக் கலந்து கொதிக்கவிடவும். கடைந்த தயிரை ஊற்றிச் சிறு தீயில் வைக்கவும். எல்லாம் முடிந்து அடியில் ஒரு வரி: "குறிப்பு: தயிர் சேர்த்த பின் கொதித்தால் திரிந்துவிடும்."

அக்கா முதலில் கைவைத்தது அந்த வரியில்தான். "புத்தகத்துல இது அடியில இருக்கலாம், முழுசாப் படிச்சிட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பாங்க. போனைச் சாத்தி வச்சிட்டுக் கிண்டுறவருக்கு இது காதுல விழறப்போ தயிர் திரிஞ்சிருக்கும்" என்றார். ஈரக்கையோடு யாரும் வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்ப்பதில்லையாம்.

எழுதும்போது அவர் மனதில் இருக்கும் ஆள் அவருடைய அக்கா மகன்; ஓசூரில் தனியாக இருந்து வேலைக்குப் போகிறவன். அவனிடம் பேசுவதாகவே எழுதுகிறார். ஆனாலும் 'நீ' கிடையாது, 'நீங்க'தான். பார்ப்பவர் மாமியாராகவும் இருக்கலாமே! திருத்திய பகுதி இது:

"தயிரை ஊத்துறதுக்கு முன்னாடி அடுப்பைக் குறைச்சிடுங்க. இனி இது கொதிக்கவே கூடாது. ஊத்திட்டுக் கிண்டிக்கிட்டே இருங்க. ஓரத்துல நுரை கட்டும். கட்டினதும் அணைச்சிடுங்க, தாளிப்பை அப்புறம் பாத்துக்கலாம்."

படம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. சமையல் அதிகம் தெரியாத கேமராத் தம்பியை அடுப்பில் நிறுத்தி, அக்கா பக்கத்து அறையிலிருந்து வாசித்தார். "பச்சை வாசனை போனதும்" என்ற இடத்தில் தம்பி நின்றுவிட்டார். எந்த வாசனை என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வரி இப்படி மாறியது: "ரெண்டு மூணு நிமிஷம் கொதிக்கட்டும். கரண்டியைத் தூக்கினா தண்ணியா ஓடாம, கொஞ்சம் கெட்டியா விழும்." பருப்பும் அரிசியும் வெந்து கெட்டிப்பட்டால்தான் தயிர் சட்டென்று திரியாமல் தாங்கும். அதனால் இந்த வரியை மழுப்ப முடியாது.

அளவுகளை அக்கா பேச்சில் அதிகம் விடுவதில்லை. 'ரெண்டு டம்ளர் தயிர்' என்று வாய் சொல்லும். மில்லிக்கணக்கு திரையில் எழுத்தாக வரும்.

"செல்லங்களே", "என் குடும்பமே" என்று குழைவதைத்தான் பலரும் நெருக்கம் என்று நினைக்கிறார்கள். அக்காவின் தாளில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. எதிரே இருப்பவர் கை இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்து பேசுவது மட்டும் இருந்தது. என் கணக்கில் அதுதான் நெருக்கம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: ஒரு பக்கக் குறிப்பு மூன்று பக்கமாகிவிட்டது. வீடியோவைச் சுருக்கச் சொல்கிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.