அக்காவின் கடைசிப் படம்



கன்னியாகுமரியில் மாலை வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற கடைசிப் படத்தில் அக்காவின் கண்கள் மூடியிருந்தன. வாசலில் எடுத்த வேறொரு படத்தின் முகத்தைக் கணினியில் அதில் பொருத்தினேன். முகமூடி மாட்டியதுபோல் இருந்தது.

காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. வாசல் படத்தில் வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்திருந்தது. கடற்கரையிலோ முகம் நிழலில். முடி, காது, கன்னத்தின் ஓரத்தில் மட்டும் பொன்கோடு. அந்தக் கோட்டையும் சேர்த்து மூடியிருந்தேன்!

மறுபடி புருவம் முதல் உதடு வரை மட்டும் ஒட்டினேன். ஓரம் பழைய படத்துடையது. ஒட்டிய பகுதியைக் கழுத்தின் நிறத்துக்குக் கருக்கி, நெற்றி, மூக்கின் பளபளப்பைக் குறைத்தேன். மூக்கடி நிழல் மட்டும் முழுதாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும்.

அத்தான் அதைக் கவனிக்கவில்லை. "மாப்ளே, தோடு மின்னுது பாரு" என்றார்.