ஐந்தடி ஏழு

சனிக்கிழமை பெசன்ட் நகரில் சந்திப்பதாகப் பேச்சு. வெள்ளி இரவே அவருக்கு எழுதினேன்:

"நேர்ல பாக்குறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். ப்ரொஃபைல்ல 5 அடி 9னு போட்டிருக்கேன். நிஜத்துல 5 அடி 7. முதல் போட்டோ 2019ல எடுத்தது, இப்ப நெத்தி ஏறிடுச்சு. ட்ரெக்கிங்னு போட்டது, ஒரே ஒரு தடவை வெள்ளியங்கிரி போனதை வச்சு. அதுலயும் மூணாவது மலையோட திரும்பிட்டேன். வர வேணாம்னு தோணினா தயங்காம சொல்லுங்க."

முதலில் 'எல்லாரும் ரெண்டு இன்ச் கூட்டித்தான் போடுறாங்க' என்றும் எழுதியிருந்தேன். அது எனக்கு நானே வாங்கும் வக்காலத்து, அழித்தேன். 'நான் ரொம்ப மோசம்ல?' என்பதையும் எடுத்தேன். இல்லையென்றால் ஆறுதல் சொல்லும் வேலை அவர் தலையில் விழும்.

நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "மூணாவது மலையில என்ன ஆச்சு?"