'வாறன்' எண்டா போறன்

'ஹலோ' சுருங்கித்தான் 'ஹாய்' வந்தது எண்டு கனகாலம் நினைச்சிருந்தன். உண்மை அப்பிடியில்லை. 'ஹாய்' 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்த கூவல். 'ஹலோ' 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. உண்மையில் சுருங்கினது 'குட்பாய்'. "கடவுள் உன்னோடு இருக்கட்டும்" என்ற ஒரு முழு வசனம் (God be with ye) 16ஆம் நூற்றாண்டிலேயே ஒற்றைச் சொல்லாக ஒட்டிவிட்டது. பிறகு 'குட் டே' மாதிரியான வாழ்த்துகளின் சாயலில் கடவுள் 'குட்' ஆனார். இப்ப 'பாய்' மட்டும்தான் மிச்சம்.

எங்கட வீட்டு வாசலிலும் இதுதான் நடந்திருக்கு. 'போய்விட்டு வருகிறேன்' தேய்ஞ்சு 'போட்டு வாறன்' ஆச்சு. அவசரத்தில் 'போட்டு'வும் விழுந்து வெறும் 'வாறன்'. வெளிக்கிடுகிற ஆள் 'வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போகுது! 'போறன்' எண்டு சொன்னால் அபசகுனம், அதால விழவேண்டிய பாதி எது எண்டதில் சந்தேகமே வரவில்லை.

ஏன் தேயுது? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுற சொல், அதுவும் கேக்கிற ஆளுக்கு முன்னமே தெரிஞ்ச சொல். செருப்பைப் போடேக்கையே அம்மாவுக்கு விளங்கிவிடும். விளங்கவைக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில் வாய் மினக்கெடாது.

தகவலே இல்லாட்டி பிறகேன் சொல்லுறம்? மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இதுக்கு 1923இல் ஒரு பெயர் வைத்தார்: 'ஃபேட்டிக் கம்யூனியன்'. சேதி சொல்வதற்காக இல்லாமல், உறவைப் பிடித்து வைப்பதற்காகப் பேசும் பேச்சு. பப்புவா நியூகினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆய்வு செய்தவர் அவர். பேசாமல் நிற்கிற மனிசரைப் பார்த்தால் மற்றவருக்கு ஒரு அந்தரம் வரும், அதைக் கலைக்கத்தான் இந்தப் பேச்சு எண்டது அவருடைய விளக்கம்.

அந்த அந்தரம் எனக்குத் தெரியும். கம்பஸ் வந்த புதுசில் அம்மம்மா ஒவ்வொரு இரவும் போன் எடுத்து "சாப்பிட்டியோ?" எண்டு கேப்பா. 'ஓம் அம்மம்மா, சாப்பிட்டிட்டன்' என்ற பதில் 'ஓம்' ஆகி, கடைசியில் 'ம்' ஆச்சு. ஒருநாள் சோதனைக் கடுப்பில், "ஏன் ஒவ்வொரு நாளும் இதையே கேக்கிறியள்?" எண்டு கேட்டுப்போட்டன்.

அடுத்த நாள் அவ அதைக் கேக்கவில்லை. "பிள்ளை..." எண்டா. நானும் "ம்" எண்டன். பிறகு ரெண்டு பேருக்கும் எங்க தொடங்கிறது எண்டு தெரியவில்லை. பின்னால் ஃபான் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுது.

சொல் எவ்வளவு தேய்ஞ்சாலும் பறவாயில்லை, 'ம்'மும் வேலை செய்யும். ஆனால் ஒரு ஆள் கேக்கவும் மற்ற ஆள் சொல்லவும் வேணும். நான் கேள்வியையே எடுத்துப்போட்டன்.

"நீங்கள் சாப்பிட்டியளோ அம்மம்மா?" எண்டன்.

"ஓம் பிள்ளை, புட்டு. நீ?"